பொன்னாடை வேண்டாம், மழைக் கேனைத் திருப்பி வையுங்கள்

செயலர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் தலைமையாசிரியர் அவர்களுக்கும்,

வருகிற அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை சயின்ஸ் சாருக்கு எழுபது வயது நிறைகிறது. பள்ளியில் பாராட்டு விழா என்று அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் வந்தது. பொன்னாடை, நினைவுப் பரிசு, மத்தியானம் சாப்பாடு. புதிதாகப் பேவர் பிளாக் பதித்த முற்றத்தில் மேடை. முன்னாள் மாணவர்கள் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசலாம் என்று என் பெயரையும் போட்டிருக்கிறீர்கள். நான் பேசப் போவதில்லை. இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன், அதுவும் சாரைப் பற்றி உங்களுக்கு.

மேடை போடப் போகிற அந்த இடத்தில்தான் மழையை அளக்கச் சார் வைத்த மழைக் கேன் இருந்தது. ஜூன் மாதம் முற்றத்தைத் தோண்டியபோது அதைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். இயற்பியல் ஆய்வக பீரோவில் இருந்த 36 மழை நோட்டுகளையும் அதே வாரத்தில் பழைய பேப்பர்காரருக்குப் போட்டாயிற்று. இது எனக்குத் தெரிந்ததே ஒன்பதாம் வகுப்பு படிக்கிற என் அக்கா மகள் சொல்லித்தான். "மாமா, உங்க பேர் இருக்க நோட்டு எல்லாத்தையும் மூட்டை கட்டி வண்டில ஏத்திட்டாங்க" என்றாள். நான் அலுவலகத்துக்குப் போன் செய்தபோது எடுத்தவர், "எல்லாம் பழைய கணக்கு நோட்டு சார், எலி கடிச்சது" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அது என்ன நோட்டு என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்களில் சிலருக்குத் தெரியும். நிர்வாகக் குழுவில் இரண்டு பேர் அந்த நோட்டில் எழுதியவர்கள்.

எழுதாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

1989 ஜூனில் சார் அந்தக் கேனை வைத்தார். காசு கொடுத்து வாங்கிய கருவி இல்லை. 16 சென்டிமீட்டர் வாய் அகலமுள்ள ஒரு புனல், அதற்குக் கீழே ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன், கேன் உட்காருவதற்குச் சிமெண்டு பூசிய ஒரு சின்னக் குழி. புனலின் வாய் தரையிலிருந்து சரியாக 30 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். அதைவிடத் தாழ்ந்தால் தரையில் விழுந்த துளி தெறித்து உள்ளே போகும், மிகவும் உயர்ந்தால் காற்று துளியை வாய்க்கு வெளியே தள்ளிக்கொண்டு போகும். விழுந்த தண்ணீரை அளப்பதற்கு கெமிஸ்ட்ரி லேபில் இருந்த 100 மில்லி அளவுசாடி.

எட்டாம் வகுப்பில் பரப்பளவு பாடம் வந்ததும் எங்களை முற்றத்துக்குக் கூட்டிப் போவார். புனலின் ஆரம் 8 செ.மீ., அதை வர்க்கமாக்கி 3.14-ஆல் பெருக்கினால் வாயின் பரப்பு ஏறக்குறைய 201 சதுர சென்டிமீட்டர். இந்தப் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் எவ்வளவு? 0.1 பெருக்கல் 201, அதாவது ஏறக்குறைய 20 மில்லி. ஆகவே சாடியில் எத்தனை மில்லி வருகிறதோ அதை இருபதால் வகுத்தால் மழை எத்தனை மில்லிமீட்டர் என்று வந்துவிடும். கரும்பலகையில் போட்டிருந்தால் அன்று சாயங்காலமே மறந்திருப்பேன். எனக்கு இப்போது 41 வயது, ஒரு கட்டுமானக் கம்பெனியில் எஸ்டிமேட் போடுகிற வேலை, இன்றைக்கும் பரப்பளவு என்று யார் சொன்னாலும் அந்தப் புனல்தான் கண்ணில் வருகிறது.

புனல் என்றதும் இன்னொன்று. 2004-இல் வெயிலில் புனல் வெடித்துவிட்டது, பையன்கள் டவுனுக்குப் போய் அதே மாதிரி ஒன்று வாங்கி வந்து மாட்டினார்கள். பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். சார் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் 15 செ.மீ. ஒரு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் பரப்பு 177 ஆகக் குறைந்துவிடுகிறது, ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 20 மில்லிக்குப் பதில் 17.7 மில்லிதான் சேரும். இது தெரியாமல் பழையபடி இருபதால் வகுத்துக்கொண்டே போனால் ஊரில் பெய்கிற ஒவ்வொரு மழையும் நோட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு குறைவாகவே ஏறியிருக்கும், அப்புறம் யாராவது நோட்டைப் பார்த்து 2004-க்குப் பிறகு நம் ஊரில் மழை குறைந்துவிட்டது என்று கட்டுரை எழுதியிருப்பார்கள். சார் பழைய புனலோடு கடைக்குத் திரும்பப் போய் 16-ஐத் தேடிப் பிடித்து வந்தார். இடையில் போன நாலு நாளுக்கு "15 செ.மீ. புனல்" என்று ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்பு எழுதச் சொன்னார். அந்த நோட்டும் மூட்டையில் போய்விட்டது.

அளக்கிற நேரம் காலை 8:30. வானிலைத் துறை நாடு முழுக்க மழையை அளப்பது அந்த நேரத்தில்தான், நேற்று 8:30 முதல் இன்று 8:30 வரை பெய்தது இன்றைய தேதியில் ஏறும். நாம் எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இஷ்டத்துக்கு அளந்தால் பாளையங்கோட்டைக் கணக்கோடும் பாபநாசம் அணைக் கணக்கோடும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது என்பார். பள்ளி மணி 9:20-க்குத்தான். முறை உள்ளவன் எட்டேகாலுக்கு வர வேண்டும். வாரத்துக்கு ஒருவன், எட்டாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும்.

நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு மாதம். நாலு கட்டம். தேதி, மில்லி, மி.மீ., கையெழுத்து. இதில் மழை இல்லாத நாளை எழுதுவதற்கு மூன்று விதம் உண்டு, அதைச் சொல்லத்தான் இந்த மடலையே எழுத உட்கார்ந்தேன். கேனைத் திறந்து பார்த்து ஒன்றும் இல்லையென்றால் 0. நாலு தூறல் விழுந்து புனல் நனைந்திருக்கிறது, ஆனால் சாடியில் ஊற்றி அளக்கிற அளவுக்கு இல்லையென்றால் "தூ". யாரும் வந்து பார்க்கவில்லையென்றால் ஒரு கோடு, அவ்வளவுதான். பூஜ்யம் என்றால் நான் பார்த்தேன், இல்லை என்று அர்த்தம். கோடு என்றால் நான் பார்க்கவில்லை என்று அர்த்தம். இரண்டும் ஒன்று என்று நினைக்கிறவன் கணக்கும் எழுத வேண்டாம் சாட்சியும் சொல்ல வேண்டாம் என்பார் சார்.

எனக்கு இது புரிந்தது அடி வாங்காமல்தான், ஆனால் அடி வாங்கியிருந்தால் தேவலை.

1997 தீபாவளி வியாழக்கிழமை வந்தது. அந்த வாரம் என் முறை. விடுமுறையிலும் அளக்க வேண்டும் என்பது சட்டம். நான் புதன்கிழமை காலையில் அளந்துவிட்டு, சாயங்காலம் அம்மாவோடு சங்கரன்கோவில் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். ஞாயிறு ராத்திரி திரும்பினேன். திங்கள் காலையில் கேனைத் திறந்தால் 860 மில்லி. இருபதால் வகுத்தேன், 43 மி.மீ. சங்கரன்கோவிலில் நான் இருந்த நாலு நாளும் ஒரு சொட்டு விழவில்லை, ஆகையால் இங்கேயும் விழுந்திருக்காது, ஞாயிறு ராத்திரி நான் தூங்கின பிறகு பெய்திருக்கும் என்று நானாக முடிவு செய்து வியாழன் 0, வெள்ளி 0, சனி 0, ஞாயிறு 0, திங்கள் 43 என்று அழகாக எழுதி நாலு நாளுக்கும் நாலு கையெழுத்து போட்டேன். பேனாவைக்கூட மாற்றி மாற்றி எழுதினேன். பதிமூன்று வயதில் அவ்வளவு புத்தி.

சார் முதல் பீரியடில் நோட்டை எடுத்தார். பார்த்தார். "லேய், இங்க வா" என்றார்.

"தீபாவளி அன்னைக்குக் காலைல ஊரே வெடி நனைஞ்சுபோய் அழுதுட்டு இருந்துச்சு. கோயில் தெருவுல கட்டின சரம் பூராவும் புஸ்ஸுன்னு போச்சு. நீ பூஜ்யம் போட்டிருக்க. யார் வீட்டு ஆகாசத்தப் பாத்து எழுதின?"

வகுப்பே சிரித்தது. எனக்குக் கால் நடுங்கியது. பிரம்பு மேசையில்தான் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. "நான் போய்ப் பாத்திருக்கலாம். வீடு பின்தெருவுலதான் இருக்கு. உன் முறை, அதனால போகல" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிரம்பே மேல்.

அப்புறம் அதைச் சரி செய்யச் சொல்லிக் கொடுத்தார். நான் ரப்பரையும் பிளேடையும் தேடினேன், பிடுங்கிக்கொண்டார். தப்பாக எழுதினதைச் சுரண்டக் கூடாது, ஒரே ஒரு கோட்டால் அடிக்க வேண்டும், அடித்த பிறகும் உள்ளே என்ன இருந்தது என்று படிக்க முடிய வேண்டும், பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நாலு பூஜ்யத்தையும் அடித்தேன். பதிலுக்கு நாலு கோடு. திங்கள்கிழமைக்கு நேரே 43-ஐ அடித்துவிட்டு, ஐந்து நாளையும் சேர்த்து ஒரு அடைப்பு வளைவு இழுத்து, "5 நாள் மொத்தம் 43" என்று எழுதினேன். "இதுவும் கொஞ்சம் குறைச்சலாத்தான் இருக்கும், நாலு நாள் வெயில்ல கேனுக்குள்ள இருந்தது கொஞ்சம் ஆவியா போயிருக்கும்ல" என்றார். தீபாவளியன்று எத்தனை, மறுநாள் எத்தனை என்று இனி யாருக்கும் தெரியாது. என்னால் தெரியாமல் போயிற்று. அது தெரியாது என்பதையாவது நோட்டு ஒழுங்காகச் சொல்லும்படி வைத்தோம்.

அதற்குப் பிறகு விடுமுறை நாளில் இரண்டு பேர் முறை என்று மாறியது. எனக்குப் பின்னால் படித்த பிள்ளைகள் அந்த இரட்டை முறையைத் திட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன், திட்டவேண்டிய ஆள் நான்தான்.

சார் பாடப் புத்தகத்தை எடுக்காத ஆசிரியர் என்று சிலர் சொல்வீர்கள். எடுப்பார், ஆனால் நோட்டை விரித்து வைத்துக்கொண்டுதான். ஜூன், ஜூலைப் பக்கங்களைக் காட்டுவார். குற்றாலத்தில் அருவி இரைகிறது, செங்கோட்டையில் சாரல், நம் நோட்டில் வரிசையாக 0, 0, தூ, 0. இத்தனைக்கும் குற்றாலம் ஒன்றும் தூர தேசம் இல்லை. ஏன் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். மேற்கிலிருந்து வருகிற காற்று மலையில் ஏறும்போது குளிர்ந்து அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது, மலையைத் தாண்டி இறங்குகிற காற்று சூடேறி வறண்டு நமக்கு வருகிறது, கணவாய் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கசிகிறது. இதை அவர் சொல்லவில்லை, நாங்கள்தான் முக்கி முனகிச் சொன்னோம். பிறகு ஐப்பசி, கார்த்திகைப் பக்கங்களைத் திருப்புவார். அங்கே எண்கள் மூன்று இலக்கமாக நிற்கும். நமக்கு மழை கிழக்கிலிருந்து வருவது என்பதை நான் வரைபடத்தில் படிக்கவில்லை, அந்த நோட்டின் கனத்தில் படித்தேன்.

2013 மே மாதம் ஓய்வு பெற்றார். (சர்டிபிகேட்டில் அவர் பிறந்தது மே மாதம். உண்மையில் பிறந்தது புரட்டாசி. அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்த்துவிட்ட தாத்தா வாய்க்கு வந்த மாதத்தைச் சொன்னதன் விளைவு. அந்த நாலைந்து மாதச் சம்பளம் போச்சே என்று ஒருநாளும் சொன்னதில்லை, "என் விஷயத்துல யாரோ கோடு போட வேண்டிய இடத்துல எண் எழுதிட்டாங்க" என்று சிரிப்பார்.) ஓய்வுக்குப் பிறகும் கேன் நிற்கவில்லை. பள்ளி நாளில் பிள்ளைகள், விடுமுறையில் பிள்ளைகளோடு அவரும். சம்பளமில்லை, அடையாள அட்டை இல்லை, வாட்ச்மேன் மாறும் ஒவ்வொரு தடவையும் கேட்டில் நின்று விளக்கம் சொல்லித்தான் உள்ளே வருவார்.

2023 டிசம்பர் 17. உங்களில் யாருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் என்று மறுநாள் வானிலைத் துறை சொன்ன மழை. அன்று சாருக்கு 68 வயது. ஞாயிறு காலை 8:30-க்கு அளந்து கேனைக் காலி செய்து வைத்தார்கள், அவரும் முறையில் இருந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும். அவள் வீடு பள்ளிச் சுவரை ஒட்டி. மத்தியானம் மழை நின்றபாடில்லை. இரண்டு மணிக்குச் சார் குடையோடு வந்து கேனைத் தூக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல். ஐந்து லிட்டர் கேன் என்றால் 5000 மில்லி, இருபதால் வகுத்தால் 250 மி.மீ., அதற்கு மேல் பெய்வதெல்லாம் வழிந்து குழியில் போய்விடும், காலையில் திறந்து பார்க்கிறவன் 250 என்று எழுதுவான், அது பொய். ஆகவே அப்போதே அளந்தார்கள். 2940 மில்லி. எழுதிக்கொண்டு, காலி செய்து, திரும்ப வைத்தார்கள்.

வைத்ததும் கேன் மிதந்தது. குழி நிறையத் தண்ணீர், காலி கேன் எழும்பிப் புனலைச் சாய்க்கிறது. புனல் சாய்ந்தால் வாயின் பரப்பு குறையும், கணக்கு போயிற்று. கேனின் கழுத்தில் கம்பியைச் சுற்றி இரண்டு செங்கலைக் கட்டி இறக்கினார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குக் கரண்ட் இல்லை, முற்றத்தில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர், டார்ச் வெளிச்சத்தில் மறுபடி அளந்தார்கள், 3380 மில்லி. திங்கள் காலை 8:30-க்கு 2460. மூன்றையும் கூட்டினால் 8780 மில்லி, இருபதால் வகுத்தால் 439 மி.மீ. அந்தப் பக்கத்தில் மூன்று அளவும் நேரத்தோடு தனித்தனியாக எழுதியிருக்கிறது, கீழே கூட்டுத்தொகை, கீழே "செங்கல் கட்டியது, புனல் நேராக இருந்தது" என்று ஒரு வரி, இரண்டு கையெழுத்து. ஈரத்தில் மை கொஞ்சம் ஊறியிருக்கும். பிறகு ஊர்க்காரர்கள் குளம் உடைந்ததற்கு மனு எழுதியபோது அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸைத்தான் இணைத்தார்கள். தாலுகா அலுவலகத்துக் கணக்கு வேறு ஊரில் பெய்த மழை, இது நம் ஊரில் பெய்தது. காசு வந்ததா என்பது வேறு கதை, அதை இங்கே இழுக்கவில்லை.

இப்போது உங்கள் பதில்களுக்கு வருகிறேன்.

போனில் எனக்குச் சொன்ன முதல் பதில், "மழை அளவு எல்லாம் இப்ப செல்லுலயே வருதே." வருகிறது. அது பெரும்பாலும் சுற்றுவட்டாரத்தை மொத்தமாகக் கட்டம் போட்டு மதிப்பிட்டுச் சொல்வது. சங்கரன்கோவிலில் காய்ந்த தீபாவளிக்கு நம் தெருவில் சரம் நனைந்தது என்று மேலே எழுதினேனே, அந்த வித்தியாசம் செல்லில் தெரியாது. தவிர, பிள்ளைகள் செல்லைப் பார்த்து என்ன கற்றுக்கொள்வார்கள்? எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த ஒரு எண்ணாவது பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டாமா?

இரண்டாவது பதில், "வேணும்னா மொட்டை மாடியில வச்சுக்கிடலாம்." இதைச் சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் முடியாது. மாடி விளிம்பில் மோதுகிற காற்று மேலே தூக்கி அடிக்கும், அதில் துளிகள் புனலுக்கு மேலாகப் பறந்து தாண்டிப் போய்விடும். பலத்த காற்றோடு பெய்கிற மழையில்தான் கணக்கு அதிகம் குறையும், நமக்கு முக்கியமான மழை எல்லாம் காற்றோடு வருகிற மழை. கீழே வைத்தாலும் சுவரும் மரமும் தள்ளி இருக்க வேண்டும், பக்கத்தில் இருக்கிற பொருள் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தூரமாவது. 1989-இல் சார் முதலில் வைத்தது வேப்பமரத்துக்கு அருகில், நோட்டில் எண் குறைவாக வந்தது, மழை விட்ட பிறகும் இலையிலிருந்து சொட்டியது, மூன்றே வாரத்தில் இடம் மாற்றினார். பேவர் பிளாக்கின் மேலும் ஆகாது. கெட்டியான தரையில் விழுகிற துளி புல் தரையில் விழுவதைவிட உயரத் தெறிக்கும்.

மூன்றாவது பதில் எதுவும் எனக்கு வரவில்லை. நோட்டுகளைப் பற்றிக் கேட்டதற்கு அமைதி.

நான் பேப்பர் கடைக்குப் போனேன். அண்ணாச்சி நல்ல மனுஷர். "பாதிக்கு மேல லோடு சிவகாசிக்குப் போயிட்டுல்லா, நீங்க பத்து நாள் முந்தி வந்திருக்கணும்" என்றார். பட்டாசுக்குக் குழல் சுற்றப் போயிருக்கும். அந்தத் தீபாவளியை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் முடியவில்லை. மூலையில் கிடந்த மூட்டைகளை அவிழ்த்துத் தேடியதில் ஒன்பது நோட்டு கிடைத்தது. கிலோ பதினாலு ரூபாய்க்கு எடை போட்டுத்தான் வாங்கினேன், அவர் சும்மா தருகிறேன் என்றார், நான் கேட்கவில்லை. 1992 நோட்டு கிடைத்தது, அந்த நவம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் வந்த வாரம் அப்படியே இருக்கிறது. 2023 கிடைத்தது. 1997 கிடைக்கவில்லை. என் நாலு பூஜ்யமும் நாலு கோடும் போய்விட்டன. 27 நோட்டு இல்லை.

சாருக்கு இது தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். ஜூன் மாதமே கேட்டில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். அவர் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அழைப்பிதழில் பெயர் போட்டுக்கொள்ள அனுமதி கேட்டபோதும் "சரி, வாரேன்" என்றுதான் சொல்லியிருக்கிறார். அவர் வருவார், பொன்னாடைக்குத் தலை குனிவார், அந்த பேவர் பிளாக்கின்மேல் நின்று பிள்ளைகளுக்கு நன்றியும் சொல்வார். அவர் சொல்லாததால் அவருக்கு ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதுவும் ஒரு கோடுதான், பூஜ்யமில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான்.

விழாவுக்கு முன்னால் கேனைத் திருப்பி வையுங்கள். மேடைக்கு முற்றம் வேண்டுமென்றால் முற்றம் உங்களுக்கே இருக்கட்டும். விளையாட்டுத் திடலின் தெற்கு ஓரத்தில், சைக்கிள் கொட்டகையையும் சுவரையும் விட்டுத் தள்ளி, புல் தரை இருக்கிறது. கொட்டகை மூன்று மீட்டர் உயரம், ஆறு மீட்டராவது தள்ளி வையுங்கள். புனல் 16 செ.மீ., வாங்கி வந்ததும் ஸ்கேல் வைத்துப் பார்க்காமல் மாட்டாதீர்கள். வாய் தரையிலிருந்து 30 செ.மீ. மொத்தச் செலவு ஒரு பொன்னாடை விலைகூட ஆகாது, குழி வெட்டவும் சிமெண்டு பூசவும் நானே வருகிறேன். ஐப்பசி பிறக்க ஆறு நாள்தான் இருக்கும், விழா முடிந்து பார்க்கலாம் என்று தள்ளினால் முதல் மழை போய்விடும்.

என்னிடம் இருக்கிற ஒன்பது நோட்டையும் பள்ளிக்கே தருகிறேன். பீரோவில் இல்லை, நூலகத்தில், வரிசை எண் கொடுத்து, இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதிவேட்டில் ஏறிய பொருளை யாரும் எடை போட்டு விற்க முடியாது. போன நோட்டுகளின் பக்கங்களைப் பழைய மாணவர்கள் சிலர் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்கள், அறிவியல் கண்காட்சிக்கு நகல் எடுத்தவர்களும் உண்டு. பள்ளியின் பெயரில் ஒரு அறிவிப்புப் போட்டு அவற்றைக் கேளுங்கள். நான் கேட்டால் பத்துப் பேர் தருவார்கள், பள்ளி கேட்டால் நூறு பேர் தருவார்கள். 2013-க்குப் பிறகான கணக்கை சார் தன் சட்டைப்பை நோட்டிலும் குறித்து வைத்திருக்கிறார். ஒருவர் அவர் வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொல்லி, வருத்தம் தெரிவித்து, அதைப் படியெடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். போனில் வேண்டாம், நேரில்.

காலை எட்டேகாலுக்குக் கேட்டைத் திறந்துவிட வாட்ச்மேனுக்கு எழுத்தில் ஒரு உத்தரவும், முறை போடுவதற்கு அறிவியல் ஆசிரியர் ஒருவரின் பெயரும் வேண்டும். விடுமுறைக்கு இரண்டு பிள்ளைகள்.

கடைசியாக ஒன்று. புது நோட்டைத் தொடங்கும்போது அதை அக்டோபரிலிருந்து தொடங்காதீர்கள். ஜூன் ஒன்றாம் தேதியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். கேன் இல்லாமல் போன ஒவ்வொரு நாளுக்கும் பிள்ளைகள் கோடு போடட்டும். இந்தக் கோடையில் நம் ஊரில் பெரிதாக ஒன்றும் பெய்யவில்லை என்று எல்லோருக்கும் தெரியும், பூஜ்யம் போட்டாலும் ஒருவரும் கேட்கப் போவதில்லை. இருந்தாலும் கோடே போடட்டும். ஓரத்தில் காரணத்தையும் எழுத வேண்டும். என்ன எழுதுவது, யார் கையெழுத்துப் போடுவது என்பதை நிர்வாகக் குழு கூடி முடிவு செய்து எனக்குத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
1997-98 எட்டாம் வகுப்பு ஆ பிரிவில் படித்தவன்